கீழ்த்தளத்தில் மூன்றாவது கட்டில்

நீங்கள் புதிதாக விடுதி வார்டன் ஆகியிருக்கிறீர்கள். கையில் சாவிக் கொத்தைக் கொடுத்திருப்பார்கள், வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருப்பார்கள், தீயணைப்புக் கருவி எங்கே தொங்குகிறது என்று காட்டியிருப்பார்கள். மாடி மாற்றித் தரச் சொல்லி வரும் கடிதத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. ஈப்போவில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டு வந்தவள் நான். கேட்டால் கேளுங்கள், இல்லாவிட்டால் பட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் இஷ்டம்.

கீழ்த்தள அறை கேட்டு எனக்கு வராத கடிதமே இல்லை. மேல் மாடியில் யாரோ கொலுசு போட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்று ஒருத்தி. கீழே வைஃபை நன்றாக இருக்கிறது என்று இன்னொருத்தி, அதற்கும் 'உடல்நலக் காரணம்' என்று தலைப்பு. துணி துவைத்து மேலே தூக்கிப் போக முடியவில்லை என்று அழுதவளும் உண்டு. அதனால் நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். காரணம் எழுதாத கடிதத்தை வாங்கவே மாட்டேன். காரணம் எழுதியிருந்தால் அதற்குச் சான்று கேட்பேன். பிள்ளைகள் என்னை முதுகுக்குப் பின்னால் 'காரணம் மேடம்' என்று கூப்பிட்டார்கள். கூப்பிடட்டுமே.

தர்ஷினியின் கடிதத்தில் எல்லாம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளுடைய அப்பா அதை என் மேசையில் வைத்தார். ஹுத்தான் மெலிந்தாங் பக்கம், முன்பு ரப்பர் இருந்து இப்போது செம்பனை ஆகிவிட்ட ஒரு தோட்டத்தில் வேலை செய்பவர். மகளை யாருடைய வேனிலோ பின் சீட்டில் காலை நீட்டிப் படுக்க வைத்துக் கூட்டி வந்திருந்தார். தர்ஷினி எலெக்ட்ரிக்கல் டிப்ளோமா, கடைசி வருடம். லீவுக்கு வீட்டுக்குப் போனவள், தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்துவிட்டாள்.

கடிதம் மலாயில் இருந்தது. தமிழில் சொல்வதென்றால் இப்படி: 'எனது வலது கால், முழங்காலுக்குக் கீழே முறிந்துள்ளது. தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டுப் பிரிக்கும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. எனது அறை மூன்றாம் மாடியில் உள்ளது, லிஃப்ட் இல்லை. ஆகவே கட்டுப் பிரிக்கும்வரை கீழ்த்தளத்தில் ஓர் அறை தந்து உதவக் கேட்டுக்கொள்கிறேன்.' பெயர், அறை எண், வகுப்பு, மருத்துவரின் கடிதம், அடுத்த எக்ஸ்ரே எடுக்கும் தேதி, எல்லாம் ஒழுங்காகப் பின்னால் குத்தியிருந்தது.

நல்ல கடிதம்தான். ஆனாலும் நல்ல கடிதத்திலும் விட்டுப்போனது இருக்கும், அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். "டோயிலட் எப்படிம்மா போற?" என்று கேட்டேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொடைவரை கட்டுப் போட்டவளால் முழங்காலை மடக்க முடியாது. எங்கள் மாடிகளில் இருந்ததெல்லாம் குந்தும் கழிப்பறை. உட்காரும் கழிப்பறை கீழ்த்தளத்தில் வருகையாளர் அறைக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று. ஆக, அவள் கேட்டது அறை மட்டும் இல்லை என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

"மேடம், வீட்டுலயே வச்சிருக்கலாம்தான்," என்றார் அப்பா. "இவ கேட்க மாட்றா. இது கடைசி செம் லா. ப்ராக்டிக்கல் இருக்கு. இப்ப விட்டா திரும்ப முழுசா எடுக்கணுமாம். எப்படியாச்சும் பாத்துக் கொடுங்க."

"பாக்குறேன் அண்ணே. கவலப்படாம போயிட்டு வாங்க," என்றேன். வாய் சொல்லிவிட்டது. ஆனால் கீழ்த்தளத்தில் அறை இல்லை.

எங்கள் கீழ்த்தளத்தில் அலுவலகம், சாப்பாட்டுக் கூடம், தொழுகை அறை, வருகையாளர் அறை, இவை போக மாணவிகளுக்கு மூன்றே அறைகள். ஒன்றில் ஆஸ்துமா உள்ள பிள்ளையும் அவளுடைய அக்காவும். இன்னொன்றில் குழாய் வெடித்துத் தரை ஓடெல்லாம் பெயர்ந்து, கான்ட்ராக்டர் வருவார் வருவார் என்று பூட்டிக் கிடந்தது. மூன்றாவதில் கவிதாவும் நிஷாவும். நோயாளி அறையில் அந்த வாரம் அம்மை போட்ட ஒரு பெண் படுத்திருந்தாள், அங்கே இவளைக் கொண்டுபோய்ப் போட முடியாது. வருகையாளர் அறைக்குக் கண்ணாடிக் கதவு, பூட்டும் கிடையாது, சனி ஞாயிறு அண்ணன் தம்பி அப்பா என்று ஆண்கள் வந்து உட்காருகிற இடம். அங்கேயும் முடியாது.

மாணவர் நலப் பிரிவு அதிகாரியைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஒரு வரியில் முடிக்கப் பார்ப்பவர். திங்கட்கிழமைக்குள் கீழே அறை இருந்தால் சரி, இல்லையென்றால் மருத்துவ விடுப்பில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், படிக்கட்டில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே.

அன்று மாலை அவள் மாடி ஏறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊன்றுகோலோடு படியேறக் கற்றுக்கொடுத்துத்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோல் முதலில். ஆனால் எங்கள் படிகள் குறுகல். முதல் வளைவிலேயே அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அப்புறம் படியில் உட்கார்ந்து, முதுகுப் பக்கமாக ஒவ்வொரு படியாக இடுப்பைத் தூக்கி ஏறினாள். கட்டுப் போட்ட காலை ஒரு தோழி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடவே ஏறினாள். மூன்று மாடி. மேலே போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும்.

சனிக்கிழமை மத்தியானம் அவளைப் போய்ப் பார்த்தேன். தலையணைமேல் காலைத் தூக்கி வைத்திருந்தாள், அது சரி. கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது, அசைக்கச் சொன்னேன், அசைத்தாள். கட்டுப் போட்ட பிள்ளை விடுதியில் இருந்தால் இதைத் தினம் பாருங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அவளுக்கு அதெல்லாம் இல்லை. ஆனால் உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் நிரப்பியது நிரப்பியபடி.

"ஏன்மா தண்ணி குடிக்கல?"

"குடிச்சா கீழ எறங்கணும் லா மேடம்," என்றாள் சிரித்துக்கொண்டே.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள்மேல் இல்லை. என்மேல், அந்தக் கட்டடத்தின்மேல், வராத கான்ட்ராக்டர்மேல். "ஒழுங்கா தண்ணியக் குடி. எறங்கணும்னா என்னக் கூப்பிடு," என்று திட்டிவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழை உங்களுக்குத் தெரியுமே, நேராகப் பெய்யாது, சாய்வாகப் படிக்கட்டுக்குள்ளேயே வந்து அடிக்கும். நான் அலுவலகத்தில் இருந்தேன். மேலே எங்கேயோ 'டங்' என்று ஒரு சத்தம். அப்புறம் டங் டங் டங் என்று ஏதோ உருண்டுகொண்டே வருகிறது. ஊன்றுகோல் ஒன்று கடைசிப் படியில் வந்து விழுந்து கிடந்தது. அதற்குமேல் சத்தமே இல்லை. ஒரு அலறலாவது கேட்டிருந்தால் தேவலை. என் உயிர் என்னிடம் இல்லை. "தர்ஷினி!" என்று கத்திக்கொண்டு, செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாமல் ஓடினேன். கீழிருந்து முதல் வளைவில் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, நல்ல காலில் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்து வழுக்கிவிட்டது. என்னைக் கூப்பிட வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள், நான் திட்டியதால்.

"வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா மேடம்?" அதுதான் அவள் முதலில் கேட்டது.

அவளைக் கீழே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, நேராகக் கவிதா, நிஷா அறைக்குப் போனேன். கவிதா கோப்பெங் ஊர்க்காரி, பாலர் பள்ளி ஆசிரியைப் படிப்பு. அமைதியானவள், ஒவ்வொரு செமஸ்டரும் பதிவு நாளில் கதவு திறக்கும் முன்பே வந்து நின்று அதே அறையைக் கேட்டு வாங்குபவள். நிஷா எலெக்ட்ரானிக்ஸ், வாயாடி, நல்ல மனசுக்காரி. இரண்டு பேரில் ஒருத்தி மேலே போனால் போதும், தர்ஷினி கீழே வந்துவிடலாம். இரண்டு பேர் கையெழுத்து, சாவி மாற்றம், அலமாரியும் மெத்தையும் சரிபார்ப்பு, பெயர்ப் பலகையில் மாற்றம், வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகாவுக்கு ஒரு வார்த்தை. அரை மணி நேர வேலை.

நிலைமையைச் சொன்னேன். நிஷா உடனே எழுந்தாள். "நான் மேல போறேன் மேடம். எனக்கென்ன, மூனு மாடி ஏறுனா ஒடம்பு எளைக்கும் லா."

"நிஷா போகக்கூடாது," என்றாள் கவிதா.

"அப்ப நீ போறியா?" என்றேன்.

"நானும் போக மாட்டேன்."

"ஏன்?"

"போக மாட்டேன் மேடம். அவ்வளவுதான்."

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. படிக்கட்டில் ஒரு பிள்ளை சாகப் பார்த்தது, நீ உன் வசதிக்கு உட்கார்ந்துகொண்டு வியாக்கியானம் பண்ணுகிறாயா என்று. அந்த நேரம் பார்த்து அதிகாரியும் ஃபோனில். யார் மாறுகிறார்கள், பெயரை அனுப்புங்கள் என்கிறார். வெளியே தர்ஷினி ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். இப்படி மூன்று பக்கமும் நெருக்கும்போதுதான் நாம் பிடிவாதம் பிடிக்கிறவள்மேல் பாய்ந்துவிடுவோம். அவள்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறாள்.

என்னை நிறுத்தியது நிஷாவின் முகம். 'நான் போறேன்' என்று சொன்னவள் என்னைப் பார்க்கவில்லை, கவிதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பாக எதையோ சொல்லிவிட்டவளைப் போல. கவிதாவின் முகத்திலும் திமிர் இல்லை. பயம் இருந்தது. வாய் திறந்து பேசும்போது முன் பல்லில் பாதி உடைந்திருந்தது தெரிந்தது. எத்தனையோ முறை பார்த்த பல்தான், அன்றுதான் கண்ணில் பட்டது.

ஃபோனை அணைத்தேன். நிஷாவைத் தர்ஷினிக்குத் துணையாக வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். ஏன் மாட்டேன் என்கிறாய் என்று கேட்கவில்லை. அதற்குத்தான் அவள் பதில் சொல்ல மாட்டாளே.

"நிஷா இந்த ரூம்ல இல்லன்னா, உனக்கு என்ன ஆகும்மா?"

அவ்வளவுதான். உடைந்துவிட்டாள். அழுது, மூக்கைத் துடைத்து, மறுபடி அழுது, கடைசியில் சொன்னாள்.

"எனக்கு வலிப்பு இருக்கு மேடம். மலாய்ல சாவான்னு சொல்வாங்களே, அது. சின்னதுலேருந்து. மாத்திர சாப்புடுறேன், கிளினிக் போறேன். எப்பவாச்சும்தான் வரும். தூக்கம் கெட்டா வரும். நிஷாவுக்கு மட்டும்தான் தெரியும். வந்தா அவ கதவச் சாத்திட்டு, பக்கத்துல இருந்து பாத்துக்குவா. யாருக்கும் சத்தம் கேக்காது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எல்லாருக்கும் போயிரும். நான் சின்னப் புள்ளைங்களப் பாக்குற வேல படிக்கிறேன். வலிப்பு வர்றவ கையில யார் புள்ளயக் கொடுப்பாங்க?" உடைந்த பல்லைத் தொட்டுக் காட்டினாள். "ஸ்கூல்ல வந்தப்ப எல்லாரும் சேந்து வாயில கரண்டிய வச்சுட்டாங்க. கையில சாவி, மூஞ்சியில தண்ணி. எழுந்தா வாயெல்லாம் ரத்தம். அதுக்கப்புறம் எங்கூட யாரும் சாப்புட மாட்டாங்க."

என் மடியில் சாவிக் கொத்து இருந்தது. அவள் விழுந்து துடிப்பதை நான் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் அந்தச் சாவியைத்தான் அவள் கையில் திணித்திருப்பேன். நம் ஆட்கள் எல்லாரும் அதைத்தானே செய்வோம், இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று. சாவியைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தர்ஷினியின் கால் ஊருக்கே தெரியும். வெள்ளையாக, பெரிசாக, தோழிகள் கையெழுத்துப் போட்டு. பார்த்த எல்லாரும் வழி விட்டார்கள். கவிதாவிடம் காட்ட ஒன்றும் இல்லை. அன்று நான் அவசரத்தில் நிஷாவை மேலே ஏற்றியிருந்தால் எல்லாரும் என்னைப் பாராட்டியிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது.

அந்த அறைக்குள் மூன்றாவது கட்டில் போடுவது என்று முடிவெடுத்தேன். அறைக்கு இரண்டு பேர் என்பது விதி. இடமும் நெருக்கடிதான். டேப் வைத்து அளந்தேன். இரண்டு மேசைகளை வெளியே எடுத்து, கட்டில்களைச் சுவரோரம் தள்ளினால், கதவுக்கும் தர்ஷினியின் கட்டிலுக்கும் நடுவே ஊன்றுகோலோடு ஒருத்தி திரும்பும் அளவுக்கு வழி கிடைத்தது. வழியில் மின்கம்பி, பாய், பக்கெட் எதுவும் கிடக்கக் கூடாது. தீ அலாரம் அடித்தால் அவளை யார் கூட்டிப் போவது என்றும் பேசி, நிஷா, அவள் இல்லாவிட்டால் ஜாகா, என்று எழுதி ஜாகா அறையில் ஒட்டினேன். ஊன்றுகோலுக்குப் புது ரப்பர் வாங்கினேன். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கட்டு நனையாமல் சுற்றிக் கட்டப் பெரிய பிளாஸ்டிக் பை.

அதற்குமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதுதான் கஷ்டம்.

"தர்ஷினிகிட்ட நீ சொல்லணும்," என்றேன் கவிதாவிடம்.

"ஐயோ, வேணாம் மேடம்!"

"நான் சொல்ல மாட்டேன். அது உன் விசயம். ஆனா தெரியாம அவ இங்க இருந்து, ஒரு நாள் நீ விழுந்தா, அவ கத்துற கத்துல மூனு மாடியும் எறங்கி வரும். அவளால ஓட முடியாது, கத்தத்தான் முடியும். யோசிச்சுக்க. நீ வேணாம்னா நான் வேற வழி பாக்குறேன்." வேறு வழி என்னிடம் இருக்கவில்லை. அவளுக்கு அது தெரிய வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கவிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் தர்ஷினியை உள்ளே கூப்பிடச் சொன்னாள். நான் கதவருகே நின்றேன். திக்கித் திணறி ஒரு வழியாகச் சொல்லி முடித்தாள். தர்ஷினி ஊன்றுகோல்மேல் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"நீ விழுந்தா நான் தூக்கணுமா? எனக்கே காலு இல்ல லா."

கவிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. "தூக்க வேணாம். சுத்தி இருக்குறத நகத்திடு. தலைக்கு ஏதாச்சும் வையி. மணி பாரு. அடங்கினதும் ஒருக்களிச்சுப் படுக்க வையி. வாயில எதுவும் வைக்காத. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா ஆம்புலன்ஸ்."

"சாவி?"

"சாவியும் வேணாம்."

"சரி," என்றாள் தர்ஷினி. "சன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு." அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அதிகாரி கேட்டார், ஒருத்தி மேலே போகச் சம்மதிக்கும்போது எதற்கு விதியை மீறி மூன்று கட்டில், காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள் என்று. வாழ்நாள் முழுக்க எல்லாரிடமும் காரணம் கேட்டவள் நான். கவிதாவின் பெயரை எழுதினால் அது கோப்புக்குள் போகும், கோப்பு எத்தனை மேசைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். 'மாணவிகளின் பாதுகாப்பு கருதி, வார்டனின் முடிவு' என்று எழுதிக் கொடுத்தேன். இது ஒரு காரணமா என்று கேட்டார். இதற்குமேல் சொல்ல முடியாது, ஏதாவது நடந்தால் நான் பொறுப்பு என்றேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

பொறுப்பு என்று சொல்வது சுலபம். அடுத்த சில வாரங்கள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த அறைப் பக்கம் எது விழுந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஒரு பக்கெட் உருண்டால்கூட நான் வாசலில் நிற்பேன். பிள்ளைகள் மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "மேடம், நாங்க மூனு பேரும் நல்லாத்தான் இருக்கோம், நீங்கதான் எளைச்சுப் போயிட்டீங்க" என்றாள் நிஷா.

பரீட்சை வாரம் வந்தது. தூக்கம் கெட்டால் வரும் என்று கவிதா சொன்னது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலை, நிஷா பரீட்சை எழுதப் போய்விட்டாள். விடுதியில் ஆள் இல்லை. நான் வாசலில் ஜாகாவோடு பேசிக்கொண்டிருந்தேன். கீழ்த்தளத்தில் ஜன்னல் கம்பியை யாரோ அடிக்கும் சத்தம். டங், டங், டங், விடாமல், ஒரே சீராக. அது ஊன்றுகோல் என்று தெரிந்துவிட்டது.

ஓடினேன். கையில் சாவிக் கொத்து. கதவு திறந்துதான் இருந்தது. கவிதா தரையில் கிடந்தாள். உடம்பு உதறி அடங்கிக்கொண்டிருந்தது, வாயோரம் நுரை. தலைக்கு அடியில் தலையணை. நாற்காலி எட்டத் தள்ளப்பட்டிருந்தது. தர்ஷினி கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்படி இறங்கினாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"சாவிய உள்ள வைங்க மேடம்!" என்று அதட்டினாள். என்னை. நான் பையில் போட்டேன்.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிசம் தாண்டிருச்சு. நிக்கப் போவுது. கதவச் சாத்துங்க."

நான் கதவைச் சாத்தி முட்டி போட்டு உட்கார்ந்தேன். உதறல் நின்றது. இரண்டு பேருமாகக் கவிதாவை ஒருக்களித்துத் திருப்பினோம். உடம்பு துவண்டு மறுபடி மல்லாந்து சாயப் பார்த்தது. தர்ஷினி தரையில் நகர்ந்து வந்து, மாவுக்கட்டுப் போட்ட காலைக் கவிதாவின் முதுகோரம் நீளமாக அணைத்து வைத்தாள். கவிதா அதில் சாய்ந்து படுத்தாள். மூச்சு சீராகியது. தர்ஷினி அவளுடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, "ஒன்னுமில்ல, முடிஞ்சிருச்சு, நாந்தான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதேன். யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

பிறகு தர்ஷினியின் கட்டைப் பிரித்தார்கள். எல்லாப் பாடத்திலும் தேறினாள். வகுப்புகள் முடிந்து, அடுத்த சில மாதங்கள் ஈப்போவிலேயே பயிற்சி. நிஷாவுக்குக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி கிடைத்து, பெட்டியைக் கட்டினாள். மூன்றாவது கட்டிலை எடுத்து ஸ்டோரில் போட்டோம். விதிப்படி தர்ஷினி மூன்றாம் மாடிக்குத் திரும்ப வேண்டும்.

பயிற்சி தொடங்கும் அன்று காலை அவள் அலுவலகத்துக்கு வந்தாள். லேசாகக் காலைச் சாய்த்து நடந்தாலும் சொந்தக் காலில் நடந்து வந்தாள். மேசையில் ஒரு கடிதம் வைத்தாள். பெயர், அறை எண், வகுப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தன. 'எனது கால் குணமாகிவிட்டது. இருப்பினும் கீழ்த்தளத்தில் அதே அறையில் தொடர்ந்து இருக்க அனுமதி வேண்டுகிறேன்.' கீழே 'காரணம்' என்று எழுதி, பக்கத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். கேட்பேன் என்று நினைத்தாளோ என்னவோ.

பேனாவை எடுத்து, 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.